எனக்கு நோட்டீஸ் ஒட்டிட்டியேப்பா

போச்சம்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை சந்தை. சந்தை முடிந்து திரும்புகிறவர்கள் சந்தூர்ப் பக்கம் வண்டியைத் திருப்பினால் வழியெல்லாம் மாங்கன்று நர்சரிகள்தான். அதில் ஒன்று எங்கள் மாமாவுடையது. அன்றைக்கு மத்தியானம் ஒரு பெரியவர் டிவிஎஸ் வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு, மஞ்சள் பையோடு உள்ளே வந்தார். பைக்குள் ஈரத்துணியில் சுற்றிய நாலு துளிர்கள். மாமாவைப் பார்த்துக் கும்பிட்டார். அப்புறம் என்னைப் பார்த்து, "பதில் எழுதுற தம்பி நீதானா?" என்றார். ஆமாம் என்றேன். "எனக்கு நோட்டீஸ் ஒட்டிட்டியேப்பா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்புதான் ஒரு வருடமாக என்னை விடவில்லை.

நர்சரி பெயரில் வருகிற கேள்வி, பாராட்டு, குறை எல்லாவற்றுக்கும் பதில் எழுதுவது என் வேலை. மாமாவுக்குக் கண் சரியில்லை, கைபேசியில் தட்டுவதற்குப் பொறுமையும் இல்லை. நான் தமிழ் படித்தவன், பிழையில்லாமல் எழுதுவேன். அதனால் வேலை என்னிடம் வந்தது. எழுதுவதெல்லாம் ஊரே படிக்கிற இடத்தில் நிற்கும் என்பதால் மரியாதையில் குறை வரக்கூடாது என்று ரொம்பக் கவனமாக இருந்தேன். 'நீங்கள்' கூடப் போதாதென்று 'தாங்கள்' என்று எழுதுவேன். அப்படிப்பட்ட என்னைப் பார்த்துத்தான் அந்த நோட்டீஸ் பேச்சு.

அவர் எழுதியிருந்தது இது: "ஆறு மாதம் முன்பு பத்து செந்தூரா ஒட்டுக்கன்று வாங்கினேன். நாலு கன்றில் வேறு மாதிரி இலை வருகிறது. ரகம் மாறிவிட்டது போல் தெரிகிறது. பார்த்துச் சொல்லுங்கள்."

நான் எழுதிய பதில்: "வணக்கம். தாங்கள் ஒட்டுக்குக் கீழே வரும் துளிர்களை அகற்றவில்லை. எங்கள் கன்றுகளில் ரகம் மாறாது. பணம் திருப்பித் தர இயலாது. மேலும் விவரங்களுக்கு அலுவலக நேரத்தில் தொடர்பு கொள்ளவும்."

சொன்ன விஷயத்தில் தப்பில்லை. மாங்கொட்டையில் முளைத்த செடியின் மேல் செந்தூராக் குச்சியை வைத்து ஒட்டுக் கட்டுகிறோம். ஒட்டுக்குக் கீழே இருப்பது கொட்டைச் செடி, மேலே இருப்பதுதான் நாம் கேட்ட ரகம். கீழே இருந்து துளிர் வந்தால் அப்போதே கிள்ளிவிட வேண்டும். விட்டால் அது வேரின் பலத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு வளர்ந்து, மேலே உள்ள ஒட்டை அமுக்கிவிடும். பார்க்கிறவருக்குச் செடி பச்சைப் பசேலென்று இருக்கும், ஆனால் அது கேட்ட ரகமாக இருக்காது. பெரியவர் தோட்டத்தில் நடந்தது இதுதான். பையில் இருந்த துளிர்களைப் பார்த்ததுமே மாமாவுக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் என் பதிலை இன்னொரு தடவை வாசித்துப் பாருங்கள். அவர் பணத்தைத் திருப்பிக் கேட்கவே இல்லை.

மாமா அன்றைக்குப் பேசியது

பெரியவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, துளிரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மாமா சொன்னதை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன். "ரகம் மாறலீங்க. இது கொட்டைத் துளிருங்க. ஒட்டுக்குக் கீழ இருந்து வந்திருக்குதுங்க. கிள்ளாம விட்டுப்போச்சாட்டம் இருக்குது. டேப்பு கட்டுன இடத்துக்கு மேல பச்சை இருக்குதுங்களா?" பெரியவர் யோசித்து, இரண்டில் இருக்கிறது, இரண்டில் காய்ந்துவிட்டது என்றார். "அப்ப ரெண்டு பொழைச்சுக்குமுங்க. கீழ வந்ததை அடியோட கிள்ளிருங்க. மத்த ரெண்டுக்கும் வேற கன்னு எடுத்து வெச்சிர்றேன்."

நான் எழுதிய அதே செய்திதான். ரகம் மாறவில்லை, துளிரைக் கிள்ளவில்லை. கேட்ட பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டே, "அட, ஆமாம், எங்க வீட்டுல சொன்னா, நான்தான் நல்லா வளருதேன்னு விட்டுட்டேன்" என்றார். நான் எழுதியபோது குற்றச்சாட்டாகப் பட்டது, மாமா சொன்னபோது அவர் வாயாலேயே வந்துவிட்டது.

ராத்திரி உட்கார்ந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, வினைமுற்றுகளுக்கு மட்டும் அடிக்கோடு போட்டேன். என் பதிலில் நாலு வினை: அகற்றவில்லை, மாறாது, இயலாது, கொள்ளவும். இந்த நாலில் ஒன்றுகூடக் கேட்பவரை மரியாதையாகப் பேசுகிற வினை இல்லை. அதுதான் முதல் அதிர்ச்சி.

தமிழில் மரியாதை வினையின் வாலில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். வந்தாய், வந்தீர்கள். வா, வாருங்கள். சரி. ஆனால் எல்லா வினைக்கும் அந்த வால் கிடையாது. 'வரவில்லை' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நான் வரவில்லை, நீ வரவில்லை, நீங்கள் வரவில்லை, நாய் வரவில்லை. எல்லாருக்கும் ஒரே 'வரவில்லை'தான். முடியாது, தெரியாது, கிடையாது, வேண்டாம், இல்லை, இதெல்லாமும் அப்படித்தான். ஒருவரிடம் மறுத்துப் பேச, இல்லை என்று சொல்ல நாம் அதிகம் எடுக்கிற சொற்கள் இவை. எங்கே மரியாதை அதிகமாகத் தேவையோ, சரியாக அந்த இடத்தில் எழுத்துத் தமிழின் வினை மொட்டையாக நிற்கிறது.

பேச்சில் இந்தப் பள்ளத்தை 'ங்க' நிரப்பிவிடுகிறது. இல்லீங்க, தெரியாதுங்க, முடியாதுங்க. வினை என்று இல்லை, எதோடு வேண்டுமானாலும் அது ஒட்டும். துளிருங்க, ஆமாங்க, எங்கீங்க, நாளைக்குங்க. இது யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பற்றிய மரியாதை இல்லை, யாரிடம் பேசுகிறோம் என்பதற்கான மரியாதை. கொட்டைத் துளிருக்கு எதற்கு மரியாதை? கேட்டுக்கொண்டிருக்கிற பெரியவருக்குத்தான் அந்த 'ங்க'. நம் பக்கத்துத் தெலுங்குக்காரர்கள் 'லேதண்டி', 'அவுனண்டி' என்று சொல்வதில் உள்ள 'அண்டி'யும் இதே வேலையைத்தான் செய்கிறது. மாமா ஓசூர்ப் பக்கத்து ஆட்களிடம் தெலுங்கில் பேசும்போது 'ங்க' வரவேண்டிய இடத்தில் 'அண்டி' போடுவார், மற்றபடி பேச்சின் ஓட்டம் அப்படியே இருக்கும்.

எழுத்துக்கு வந்ததும் இந்த 'ங்க'வை நாம் வாசலில் விட்டுவிடுகிறோம். 'இல்லைங்க' என்று எழுதினால் கொச்சை என்று 'இல்லை' என்று எழுதுகிறோம். கொச்சை போய்விட்டது, கூடவே மரியாதையும் போய்விட்டது. அந்த இடத்தில் வேறு எதையும் வைக்கவும் இல்லை.

இதையெல்லாம் இலக்கணத்தில் தேடினால் கிடைக்குமா என்று பார்த்தேன். தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் ஒரு நூற்பா இருக்கிறது. ஒருவரைப் பன்மையால் சொல்வது 'வழக்கின் ஆகிய உயர்சொற் கிளவி' என்கிறது, அது 'இலக்கண மருங்கிற் சொல்லாறு அல்ல' என்றும் சேர்த்துச் சொல்கிறது. மரியாதைப் பன்மை மக்கள் வழக்கில் வந்தது, இலக்கண விதியின்படி வந்ததில்லை என்று அர்த்தம். அதைப் படித்ததும் எனக்கு ஒரு விதத்தில் நிம்மதி. இதற்கு விடை புத்தகத்தில் இல்லை, மாமாவின் வாயில்தான் இருக்கிறது என்று தெரிந்துவிட்டதே.

அந்த 'வும்'

நாலாவது வினைக்கு வருகிறேன். பெரியவர் நோட்டீஸ் என்று சொன்னதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். 'தொடர்பு கொள்ளவும்.'

இந்த 'வும்' எங்கெல்லாம் இருக்கிறது என்று கண்ணை ஓட்டிப் பார்த்தேன். காலணிகளை வெளியே விடவும். வரிசையில் வரவும். சில்லறையாகக் கொடுக்கவும். போனில், 'சிறிது நேரம் கழித்து அழைக்கவும்.' எல்லாமே முன்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாத இடங்கள். சுவரும் பலகையும் இயந்திரமும் பேசுகிற இடங்கள். அங்கே அது ரொம்பப் பொருத்தம், ஏனென்றால் அதில் முன்னிலை என்று ஒருவர் இல்லை. வா, வாருங்கள் இரண்டுக்கும் எதிரே ஓர் ஆள் நிற்க வேண்டும். 'வரவும்' என்பதற்கு யாரும் நிற்க வேண்டியதில்லை. சந்தேகமிருந்தால் 'நீங்கள் நாளைக்கு வரவும்' என்று வீட்டில் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள், என்ன நடக்கிறதென்று.

'இரும்', 'வாரும்', 'தாரும்' என்ற பழைய மரியாதை ஏவல் வேறு, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது 'நீர்' என்ற ஆளைப் பார்த்துப் பேசுவது. இன்றைக்கும் மாதா கோவில் ஜெபத்தில் கேட்கலாம். 'வும்' யாரையும் பார்ப்பதில்லை.

என்ன வாங்கினார், எப்போது வாங்கினார் என்று சொல்லி, 'பார்த்துச் சொல்லுங்கள்' என்று கேட்ட ஒருவருக்கு நான் பலகையில் எழுதுகிற வினையைப் பதிலாகக் கொடுத்திருக்கிறேன். அவர் என்னிடம் 'சொல்லுங்கள்' என்றார், நான் அவரிடம் 'கொள்ளவும்' என்றேன். அதைவிடப் பொருத்தமாக அதை நோட்டீஸ் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

'தாங்கள்' பாவம், அது மட்டும் தனியாக நின்று மரியாதையைத் தூக்கிப் பிடிக்கப் பார்த்தது. அதன் பின்னால் வந்தது 'அகற்றவில்லை' என்ற குற்றம். தப்பைச் சொல்கிற வாக்கியத்துக்கு எழுவாயாக எவ்வளவு பெரிய மரியாதைச் சொல்லை வைக்கிறோமோ அவ்வளவு குத்தும். 'நீங்க கிள்ளல' என்று சொல்லியிருந்தால்கூடத் தேவலை. 'தாங்கள் அகற்றவில்லை' என்பதில் ஒரு நக்கல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மாமா அந்த வாக்கியத்தில் பெரியவரைக் கொண்டுவரவே இல்லை. 'கிள்ளாம விட்டுப்போச்சாட்டம் இருக்குது' என்றார். விட்டது யார்? யாரும் இல்லை, தானாக விட்டுப்போனது. ஆனால் செய்யவேண்டிய வேலை வந்ததும் 'கிள்ளிருங்க' என்று நேராக அவரைப் பார்த்துச் சொன்னார். குற்றத்தில் ஆள் இல்லை, வேண்டுகோளில் ஆள் இருக்கிறார். நான் சரியாகத் தலைகீழாகச் செய்திருந்தேன்.

மறுநாள் அந்தப் பதிலை மாற்றினேன். "ஐயா, வணக்கம். நேரில் வந்து துளிரைக் காட்டினீர்கள், நன்றி. அது ஒட்டுக்குக் கீழே இருந்து வந்த கொட்டைத் துளிர். கன்று கொடுக்கும்போதே இதைக் கிள்ளச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் விட்டது எங்கள் தவறு. இரண்டு கன்று பிழைத்துக்கொள்ளும், கீழே வருவதை மட்டும் கிள்ளிவிடுங்கள். மற்ற இரண்டுக்கும் வேறு கன்று எடுத்து வைத்திருக்கிறோம். அடுத்த சந்தைக்கு வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள்."

'தாங்கள்' போய்விட்டது, 'நீங்கள்' என்ற சொல்கூட இல்லை. காட்டினீர்கள், கிள்ளிவிடுங்கள், எடுத்துக்கொள்ளுங்கள் என்று வினைகளே அவரைப் பார்க்கின்றன. 'ங்க' வைக்க முடியாத இடத்தை 'ஐயா' கொஞ்சம் நிரப்புகிறது. அதற்கப்புறம் 'இல்லை', 'முடியாது' என்று எழுதவேண்டி வந்தால் பக்கத்தில் ஒரு ஐயாவோ அம்மாவோ இல்லாமல் எழுதுவதில்லை. 'கிடைக்காது' என்று முடிக்காமல் 'தை மாதம் வந்துவிடும், வந்ததும் சொல்கிறோம்' என்று 'நாங்கள்' செய்கிற வினையில் கொண்டுபோய் முடிக்கப் பார்க்கிறேன். எல்லா நேரமும் முடிவதில்லை. விலை குறைக்க முடியாது என்பதை எப்படி எழுதினாலும் விலை குறைக்க முடியாதுதான்.

தம்பி, வாங்க

தெரியாதவர்கள் இன்னொரு கஷ்டம். பெயரை வைத்து வயசு தெரியாது, சில நேரம் ஆணா பெண்ணா என்றும் தெரியாது. ஒரு பையன், எழுதின தோரணையை வைத்துச் சொன்னால் காலேஜ் படிக்கிறவன், "அண்ணா கன்னு சூப்பர்ணா, எல்லாம் துளிர் விட்டுருச்சு" என்று எழுதியிருந்தான். 'தங்கள் கருத்துக்கு நன்றி' என்று எழுதினால் அவன் ஓடிப்போய்விடுவான். 'நன்றிடா தம்பி' என்று எழுத எனக்கு உரிமையில்லை. இந்தப் பக்கத்தில் கடைக்காரர்கள் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள்: 'தம்பி, வாங்க.' முறையில் சின்னவன், வினையில் பெரியவன். தம்பி என்றால் 'வா'தான் வரவேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை. முறைப்பெயரும் வினையின் வாலும் தனித்தனிக் கயிறு. ஒன்றால் கிட்ட இழுத்து, மற்றதால் தள்ளிப் பிடிக்கலாம். "ரொம்ப சந்தோஷம் தம்பி, அடுத்த முறை வரும்போது ஒரு போட்டோ கொண்டு வாங்க" என்று எழுதினேன். அவன் பேச்சுத் தமிழில் எழுதியதால் நானும் 'வாங்க' என்றேன். பெரியவர் மாதிரி எழுத்துத் தமிழில் எழுதுகிறவர்களுக்கு 'வாருங்கள்'. அவர்கள் எந்தத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறார்களோ அதிலேயே நானும் உட்கார்ந்துவிடுகிறேன்.

எல்லாரும் படிக்கிற இடத்தில் இந்த வால்களை ஒன்றுக்கொன்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்பதும் அப்புறம்தான் புரிந்தது. கடையில் ஒருவரை 'வாங்க' என்றும் இன்னொருவரை 'வா' என்றும் சொன்னால் காற்றோடு போய்விடும். எழுத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்கும். நம் ஊரில் யாருக்கு 'வாங்க', யாருக்கு 'வா' என்பது வயசை மட்டும் பார்த்து வந்ததில்லை, அது உங்களுக்கும் தெரியும். அதனால் வாடிக்கையாளர் விஷயத்தில் எனக்குக் குழப்பமே இல்லை, எல்லாருக்கும் 'ங்கள்' அல்லது 'ங்க'. குழப்பம் வந்தது வேறு இடத்தில்.

போன மாசம் பர்கூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் எழுதியிருந்தார்: "அங்கே ஒட்டுக் கட்டும் பெரியவர் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்." அவர் சொல்வது எங்கள் நர்சரியில் முப்பது வருடமாக வேலை செய்கிறவரை. மாமாவைவிட எட்டு வயசு மூத்தவர். மாமா அவரை 'வா, போ' என்பார். பின்னால் பேசும்போது 'அவன்'. நான் சின்ன வயசில் அவர் தோளில் ஏறி மாங்காய் பறித்தவன், நானும் 'நீ' என்றுதான் பழகியிருக்கிறேன். பதிலை மாமாவிடம் வாசித்துக் காட்டினேன்: "அவர்தான் எங்கள் கன்றுகள் எல்லாவற்றுக்கும் ஒட்டுக் கட்டுகிறார். உங்கள் வார்த்தையை அவரிடம் சொல்கிறோம்." மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "கட்டுறாருன்னா எழுதுன?" என்றார். ஆமாம் என்றேன். "அந்தம்மா அப்படி எழுதியிருக்குது, நாம வேற மாதிரி எழுதுனா நல்லாருக்காது. போடு" என்றார். அவருக்கு அது சரியென்று பட்டதா, ஊர் பார்க்கிறதே என்று விட்டுக்கொடுத்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாளும் கொட்டகையில் 'டேப்பு எடுத்துட்டு வா' என்றுதான் கூப்பிட்டார்.

சாயங்காலம் ஒட்டுக் கட்டுகிற பெரியவர் கன்றுகளுக்கு நடுவே முக்காலி போட்டு உட்கார்ந்து, பிளேடால் குச்சியை ஆப்பு மாதிரி சீவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் குத்த வைத்து, அந்த அம்மா எழுதியதையும் என் பதிலையும் வாசித்துக் காட்டினேன். சீவிய குச்சியைப் பிளவில் செருகி, டேப்பை இழுத்துச் சுற்றி முடிக்கிற வரைக்கும் நிமிரவில்லை. அப்புறம் கேட்டார்:

"எல்லா ஒட்டும் கட்டுறாருன்னு போட்டிருக்கியே, யாரைப்பா? உங்க மாமாவுக்கு ஒட்டே கட்டத் தெரியாதே."